கைரேகை வாங்க ஓர் அதிகாரியை அனுப்புங்கள்: செட்டிநாட்டு வங்கிக் கிளைகளுக்கு ஒரு திறந்த மடல்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் முன்னோடி வங்கி மேலாளர்களுக்கும், காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல், பொன்னமராவதி வட்டாரக் கிளை மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். படுக்கையில் கிடக்கும் வாடிக்கையாளர் ஒருவரின் வீட்டுக்கு வங்கி எப்படிப் போக வேண்டும், என்ன தாளில் எதை வாங்க வேண்டும், அதற்கு எவ்வளவு காசு என்பதுதான் விஷயம். புதிதாக ஒரு சலுகையும் கேட்கவில்லை. இருக்கும் விதியைக் கிளையில் எடுத்துப் படித்தாலே முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்து சேவை தருவது என்றதும் கிளைகள் உடனே கைகாட்டுவது முகவர் சேவையை. 2020 செப்டம்பரில் பொதுத்துறை வங்கிகள் சேர்ந்து தொடங்கியது அது. செயலியிலோ தொலைபேசியிலோ பதிவு செய்தால் ஒப்பந்த நிறுவனத்தின் முகவர் வருவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது யாருக்குப் பயன்படும் என்பதில்தான் குழப்பம்.

நடமாட முடியாத வாடிக்கையாளர்களை மூன்று நிலையாகப் பிரித்துப் பாருங்கள். முதல் நிலையில் இருப்பவருக்கு அறிவும் தெளிவு, கையும் ஓடுகிறது, கால்தான் ஒத்துழைக்கவில்லை. அவருக்கு முகவரே போதும். இரண்டாம் நிலையில் அறிவு தெளிவாக இருக்கிறது, கை போய்விட்டது. பக்கவாதமோ நடுக்கமோ வந்து, வங்கியில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தைத் திரும்பப் போட முடியாதவர் இவர். மூன்றாம் நிலையில் நினைவே இல்லை. கிளைகள் இந்த மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்கின்றன: "செயலியில் போடுங்கள், இல்லையென்றால் பவர் எழுதிக்கொண்டு வாருங்கள்." இரண்டாம் நிலையில் இருப்பவருக்கு இந்த இரண்டு பதிலுமே பொருந்தாது. இந்த மடல் பெரும்பாலும் அவரைப் பற்றியது.

விதி என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். 2017 நவம்பர் 9 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 70 வயதைக் கடந்தவர்களுக்கும், மருத்துவர் சான்றளித்த நாள்பட்ட நோயோ உடற்குறையோ உள்ளவர்களுக்கும், பார்வையற்றவர்களுக்கும் வீட்டிலேயே அடிப்படைச் சேவைகளைத் தர முயல வேண்டும் என்றது. பணமும் காசோலையும் ரசீது கொடுத்துப் பெற்றுக்கொள்வது, கணக்கிலிருந்து எடுத்த பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது, வரைவோலை கொடுப்பது, கேஒய்சி ஆவணங்களையும் உயிர்ச்சான்றையும் வாங்கிவருவது ஆகியவை அதில் வரும். ஆக, 70 தாண்டியவர் தகுதியை நிரூபிக்க மருத்துவச் சான்று காட்ட வேண்டியதில்லை. வயதுக்கான ஆதாரமே போதும். 75 வயதுக்காரரிடமும் "அரசு மருத்துவரிடம் சான்று வாங்கி வாருங்கள்" என்று சொல்லும் கிளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது 2020 மார்ச் 31 சுற்றறிக்கை. எந்தெந்தக் கிளையில் இந்தச் சேவை கட்டாயம், எந்தெந்தக் கிளையில் முடிந்த அளவுக்குச் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு வங்கியின் இயக்குநர் குழுவும் முடிவு செய்ய வேண்டும். கட்டணத்தையும் அந்தக் கொள்கையிலேயே சொல்ல வேண்டும். கிளைகளின் பட்டியலை இணையதளத்தில் வெளியிட்டு அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் என்றது அது. "எங்கள் கிளையில் அந்த வசதி இல்லை" என்ற ஒற்றை வரி இதற்குப் பிறகு பதிலாகாது. முடிந்த அளவுக்குச் செய்யும் பட்டியலில் உள்ள கிளையும் என்ன முயன்றது, ஏன் முடியவில்லை என்று சொல்லக் கடமைப்பட்டது.

இவை இரண்டையும்விடப் பழையது ஒன்று உண்டு. வாடிக்கையாளர் சேவை பற்றிய ரிசர்வ் வங்கியின் தொகுப்புச் சுற்றறிக்கையில், முதியோர், நோயாளிகள், இயலாதோர் கணக்குகளை இயக்குவது பற்றி ஒரு பகுதி இருக்கிறது. கிளைகளில் அதைத் திறந்து பார்ப்பவர் குறைவு. அதன் சாரம் இதுதான்: கையெழுத்துப் போட முடியாத நோயாளியின் கைரேகையை, கை இல்லையென்றால் கால் பெருவிரல் ரேகையை, காசோலையிலோ பணம் எடுக்கும் படிவத்திலோ வாங்கலாம். அது அவருடையதுதான் என்று வங்கிக்குத் தெரிந்த, தொடர்பில்லாத இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். அந்த இருவரில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க முடியாதவர் ஒரு குறி வைத்தால் போதும். அதற்கும் அதே இரண்டு சாட்சிகள். பணத்தை யார் வந்து வாங்குவார் என்பதையும் வாடிக்கையாளரே சொல்லலாம். அந்த ஆளையும் இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட, அவர் தன் கையெழுத்தை வங்கியில் கொடுத்துவிட்டுப் பணத்தைப் பெறலாம்.

பவர் பத்திரம் வேண்டும் என்றோ, வட்டாட்சியர் சான்று வேண்டும் என்றோ, நோட்டரி முத்திரை வேண்டும் என்றோ இதில் ஓர் இடத்திலும் இல்லை. வேண்டியதெல்லாம் ஒரு படிவம், ஒரு ரேகை, இரண்டு சாட்சி. ஆனால் அந்த இரண்டு சாட்சியில் ஒருவர் வங்கி அதிகாரி. முகவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் என்பதால் அந்த இடத்தை அவரால் நிரப்ப முடியாது. செயலியில் எத்தனை முறை பதிவு செய்தாலும் இரண்டாம் நிலை வாடிக்கையாளரின் வேலை நடக்காமல் போவதற்கு இதுவே காரணம். முகவர் வருவார், காசோலையைப் பார்ப்பார், கையெழுத்து இல்லையே என்று திரும்பிப் போவார். கிளையிலிருந்து ஓர் அதிகாரி ஒரு தடவை எழுந்து போனால்தான் காரியம் நடக்கும்.

ஒரு நிலைமையை எடுத்துக்கொண்டு முழுக்கப் பார்ப்போம். கானாடுகாத்தான் பக்கத்து ஊரில் ஓர் ஆச்சி. 78 வயது. அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிறார். மகன் சென்னையில். வீட்டில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா தங்கியிருக்கிறார். ஓய்வூதியம் மாதம் 32,000 ரூபாய் ஆச்சியின் தனிக்கணக்கில் ஏறுகிறது. பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு 18,000, மருந்து, பால், மின்கட்டணம் எல்லாம் சேர்த்து 9,000. ஆக மாதம் 27,000 ரூபாய் கைக்கு வர வேண்டும்.

முகவர் வழியாக என்றால், ஏடிஎம் அட்டையையோ ஆதாரையோ வைத்துக் கையடக்கக் கருவியில் எடுக்கலாம். ஒரு முறைக்கு உச்சம் 10,000 ரூபாய். 27,000 எடுக்க மூன்று அழைப்பு. பெரும்பாலான பொதுத்துறை வங்கிகளில் ஒரு சேவைக்கு 75 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. மொத்தம் 88 ரூபாய் 50 காசு. மூன்றுக்கு 265 ரூபாய் 50 காசு. ஆண்டுக்கு 3,186 ரூபாய். அதுவும் ஆச்சியின் ரேகை கருவியில் விழுந்தால்தான். வயதானவர்களின் விரலில் ரேகை தேய்ந்திருக்கும், பக்கவாதம் வந்த கை மூடிக்கொண்டே இருக்கும்.

இங்கே இன்னொரு செலவையும் சொல்ல வேண்டும். ஒரே பதிவில் ஒரே வகைத் தாள்கள் எத்தனை இருந்தாலும் முகவர் எடுத்துப் போவார்; வகை மாறினால் தனிப் பதிவு, தனிக் கட்டணம். இரண்டு காசோலை என்றால் 88.50. ஒரு காசோலையும் ஒரு விண்ணப்பமும் என்றால் 177. மூன்று காரியத்தை ஒரே பதிவில் போட்டுவிட்டு, முகவர் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார் என்று கோபப்படும் குடும்பங்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

சரி, அதிகாரி போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு மாதமும் அதிகாரி போய்ப் படிவத்தில் ரேகை வாங்குவதென்றால் கிளையால் முடியாது, நாங்களும் அதைக் கேட்க மாட்டோம். பன்னிரண்டு படிவத்தில் ஒரே நாளில் ரேகை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கூடவே கூடாது. தேதியும் தொகையும் இல்லாத தாளில் சாட்சி போட்ட அதிகாரியைத் தணிக்கையில் யாரும் காப்பாற்ற மாட்டார்கள். ஆச்சி காலமான பிறகும் அந்தத் தாள் கவுண்டருக்கு வந்து நிற்கும்.

மகனைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்த்துவிடலாம் என்பது அடுத்து எல்லாருக்கும் தோன்றும் யோசனை. இது மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கு. அதில் குடும்ப ஓய்வூதியத்துக்கு உரிமையுள்ள கணவனையோ மனைவியையோதான் சேர்க்க முடியும், மகனைச் சேர்க்க முடியாது. பல கிளைகளில் பேச்சு இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. இதற்கு அடுத்த படி ஒன்று இருக்கிறது.

ஓய்வூதியக் கணக்கை அப்படியே விட்டுவிடுங்கள். அதே கிளையில் ஆச்சியின் பேரிலும் மகன் பேரிலும், இருவரில் எவரும் இயக்கலாம் என்ற முறையில், புதிதாக ஒரு சேமிப்புக் கணக்குத் திறக்க வேண்டும். ஓய்வூதியக் கணக்கிலிருந்து மாதா மாதம் 27,000 ரூபாய் அந்தக் கணக்குக்குத் தானாகப் போகும்படி ஆச்சி ஒரு நிலையான உத்தரவு கொடுக்க வேண்டும். மகன் தன் அட்டையிலோ கைப்பேசியிலோ அங்கிருந்து எடுத்துச் செலவு செய்வார். ஓய்வூதியக் கணக்கை யாரும் தொட வேண்டியதில்லை. ஓய்வூதியம் முழுவதையும் மாற்றச் சொல்லாமல், தேவைக்கு உள்ளதை மட்டும் மாற்றச் சொல்வதும் காரணத்தோடுதான். மீதி 5,000 ஆச்சி கணக்கிலேயே சேரும், பிள்ளைகளுக்குள் பின்னால் கணக்கு வழக்குப் பேச்சு வராது.

உத்தரவின் தேதியில் ஒரு சிறு கவனம் வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியம் மாதக் கடைசி வேலை நாளில் ஏறும். மார்ச் மாதத்துக்கு உரியது மட்டும் ஏப்ரலில்தான் ஏறும். உத்தரவை 1ஆம் தேதிக்குப் போட்டால் பதினொரு மாதம் ஓடும், கணக்கில் பழைய மீதி போதாவிட்டால் ஏப்ரலில் பணமில்லை என்று திரும்பும். சில வங்கிகள் திரும்பியதற்கும் கட்டணம் பிடிக்கும். 5ஆம் தேதி என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது அந்த ஒரு நாள் வருகையில் என்னென்ன நடக்க வேண்டும் என்று பார்ப்போம். குடும்பம் முதலில் கிளைக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். கணக்கு எண், உடல்நிலை, என்னென்ன காரியம், வீட்டுக்கு வழி, கைப்பேசி எண் ஆகியவை அதில் இருக்கட்டும். ஆதார், பான், கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை இணைக்கட்டும். நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளட்டும். அந்தத் தேதியில்லாமல் பின்னால் ஒரு முறையீடும் நிற்காது. பக்கவாதத்தால் கையெழுத்துப் போட இயலவில்லை என்ற மருத்துவர் குறிப்பு ஒன்றை வைத்தால் கிளையின் கோப்புக்கு நல்லது. தகுதிக்காகக் கேட்கவில்லை, கையெழுத்து ஏன் ரேகையாக மாறியது என்று பிற்பாடு பார்க்கிறவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக.

அதிகாரி கையில் எடுத்துப் போக வேண்டியவை: புதிய மாதிரி ரேகை அட்டை, புதுக் கணக்குப் படிவம், நிலையான உத்தரவுக் கடிதம், வாரிசு நியமனப் படிவம், மைப்பெட்டி, ஈரத்துணி. கடைசி இரண்டையும் சொல்வதற்குச் சிரிக்க வேண்டாம். முக்கால்வாசி ரேகை வீணாவது மையால்தான். எண்ணெய் தடவிய விரலில் மை பிடிக்காது. முதலில் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். மைப்பெட்டியில் அழுத்தினால் ரேகையின் இடுக்குகளிலும் மை ஏறித் தாளில் ஒரு கரும்புள்ளிதான் விழும். லேசாகத் தொட்டு எடுத்து, தாளின் கீழ் ஓர் அட்டையைக் கொடுத்து, விரலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரே தடவை உருட்டி எடுக்க வேண்டும். திரும்ப உருட்டக் கூடாது. மாதிரி அட்டையில் மூன்று ரேகையாவது இருக்கட்டும்.

ஆணுக்கு இடது பெருவிரல், பெண்ணுக்கு வலது என்பது வழக்கம். நம் ஆச்சிக்கு வலக்கை உணர்விழந்தது. மற்றவர் பிடித்து அழுத்திய ரேகை அவருடைய விருப்பத்தைக் காட்டாது. ஆகவே இடது பெருவிரலை வாங்கி, "இது இன்னாரின் இடது பெருவிரல் ரேகை" என்று பக்கத்தில் எழுதி, வலக்கை ஏன் இல்லை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அடுத்த முறை வேறு அதிகாரி வந்து வழக்கப்படி வலதை வாங்கிவிட்டு, மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புவது இந்த ஒரு வரி இல்லாததால் நடப்பது.

ரேகை வாங்கும் முன் இன்னொன்று. பிள்ளைகளையும் உறவினரையும் ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அதிகாரியும் மற்ற சாட்சியும் ஆச்சியிடம் பேச வேண்டும். "ஆச்சி, உங்கள் கணக்கிலிருந்து மாதம் எவ்வளவு போகப் போகிறது? யார் கைக்கு?" என்று கேட்டு, பதிலை அவர் சொல்லும் மொழியிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். தலையசைத்தாரா, வாயால் சொன்னாரா என்பதையும் எழுத வேண்டும். குடும்பத்தார் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, இது ஆச்சிக்கும் காப்பு, அதிகாரிக்கும் காப்பு.

இரண்டாவது சாட்சி யார்? பணம் போய்ச் சேரும் மகன் சாட்சியாக முடியாது. பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கும் அந்தப் பணத்தில்தான் சம்பளம், ஆகவே அவரும் கூடாது. பக்கத்து வீட்டில் அதே கிளையில் கணக்கு வைத்திருப்பவர், உள்ளூர் மருத்துவர், ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று வங்கிக்குத் தெரிந்த ஒருவர் போதும். பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைந்த தெருவில் இதுவே சிரமம். அதனால் யார் சாட்சி என்பதை வருகைக்கு முன்பே தொலைபேசியில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

வாரிசு நியமனத்தையும் அன்றே முடிக்கலாம். கையெழுத்துப் போடுகிறவரின் நியமனப் படிவத்துக்குச் சாட்சி தேவையில்லை. ரேகை வைப்பவருக்கு இரண்டு சாட்சி வேண்டும். அன்று வீட்டில் அந்த இருவருமே இருப்பார்கள். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம்.

கிளைக்குத் திரும்பிய பிறகு நடக்கும் தவறு ஒன்று உண்டு. கணினியில் ரேகைக் கணக்கு என்று மாற்றும்போது எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ற வகையில் போட்டுவிடுகிறார்கள். அந்த வகைக் கணக்குக்குப் பொதுவாகக் காசோலைப் புத்தகமும் அட்டையும் தருவதில்லை. நாற்பது வருடம் அலுவலகத்தில் எழுதிக் குவித்தவரின் அட்டை மறுநாள் வேலை செய்யாமல் போவது இதனால்தான். நோயால் கையெழுத்திட இயலாதவர் என்ற குறிப்போடு, பழைய வகையிலேயே கணக்கு இருக்க வேண்டும்.

செட்டிநாட்டுக்கென்றே உள்ள இரண்டு சிக்கலையும் சொல்லிவிடுகிறோம். ஒன்று, பெயர். விலாச எழுத்துகள் இரண்டு மூன்றோடு வங்கியில் ஒரு பெயர், ஆதாரில் அதை விரித்து எழுதிய பெயர், ஓய்வூதிய ஆணையில் கணவர் பெயரைச் சேர்த்து இன்னொரு பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று கணினிக்குத் தெரியாது, பதிவு திரும்பும். ஐயா பெயரையே பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே கிளையில் ஒரே பெயரில் இரண்டு கணக்கும் இருக்கும். அதிகாரி கிளம்புமுன் மூன்று ஆவணத்தின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மாறுதல் இருந்தால் பெயர்த் திருத்தக் கடிதத்தையும் சேர்த்து எடுத்துப் போகட்டும். இல்லாவிட்டால் இன்னொரு வருகை.

இரண்டு, வீடு. இந்த வீடுகளில் பல ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் பின்கட்டு முடிவது. முகப்பு பூட்டியிருக்கும், வயதானவர் இருப்பதோ பின்கட்டை ஒட்டிய அறையில், ஆட்கள் புழங்குவது பின்வாசலில். முகப்புக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர் வீட்டில் இல்லை என்று முகவர் பதிவை முடித்துவிடுகிறார். எந்தத் தெருவில் எந்த வாசல் என்று கடிதத்திலும் பதிவிலும் எழுத வேண்டும். முகவர் அழைப்பது பதிவு செய்த எண்ணை. அது சென்னையில் இருக்கும் மகனுடையது என்றால், அவர் கூட்டத்தில் இருக்கும்போது அந்த அழைப்பு தவறிப்போகும். வீட்டில் இருப்பவரின் எண் ஒன்றையும் கட்டாயம் கொடுங்கள்.

உயிர்ச்சான்று இந்த ஏற்பாட்டுக்கு வெளியே ஆண்டுதோறும் நிற்கும் ஒரு வேலை. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர்; 80 வயதைக் கடந்தவர்களுக்கு அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். அஞ்சல்காரர் வீட்டுக்கு வந்து மின்னணு உயிர்ச்சான்று எடுக்க அஞ்சல் வங்கி வாங்குவது வரி உட்பட 70 ரூபாய். வங்கி முகவரைவிட இது மலிவு, ஊருக்குத் தெரிந்த ஆள் வேறு. முகத்தை வைத்து எடுக்கும்போது கண் சிமிட்டச் சொல்லும்; முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவர்களுக்கு அது சில சமயம் ஏற்காது. அப்போது இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். அதுவும் ஆகாவிட்டால் கிளை அதிகாரி வந்து தாளில் வாங்க வேண்டியதுதான். 2017 சுற்றறிக்கையில் உயிர்ச்சான்றும் இருக்கிறது என்று மேலே சொன்னோம். ஆதாரில் உள்ள ரேகையே பழையது என்றால், வீட்டுக்கு வந்து புதுப்பிக்க ஆதார் ஆணையம் ஒருவருக்கு 700 ரூபாய் வாங்குகிறது; அதே வீட்டில் அடுத்தவருக்கு 350.

ஆக, அதிகாரி வருகைக்கு ஒரே கட்டணமாக 88.50 எடுத்தாலும், உயிர்ச்சான்றுக்கு 70. முதல் ஆண்டுக்கு 158 ரூபாய் 50 காசு. அடுத்த ஆண்டு முதல் 70 மட்டும். முகவர் வழிச் செலவு 3,186 என்பதோடு வைத்துப் பாருங்கள். கிளைக்கும் ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் வேலையில்லை.

மூன்றாம் நிலையைப் பற்றிச் சுருக்கமாக. நினைவில்லாதவரின் விரலைப் பிடித்து ரேகை வாங்குவது குற்றம், எந்த அதிகாரியும் அதற்குச் சாட்சி போடக் கூடாது. முன்பு எழுதிய பவர் பத்திரமும் அறிவு தவறிய நாளோடு செல்லாமல் போகும். ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவு அது. கோமாவில் இருப்பவருக்காகக் குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்து பாதுகாவலராக நியமனம் பெற வேண்டும். நம் இரண்டு மாவட்டத்துக்கும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. இந்தக் குடும்பங்களை "பவர் கொண்டு வாருங்கள்" என்று அலைய விடாமல், முதல் நாளே இதைச் சொல்லி அனுப்புங்கள். அட்டையும் ரகசிய எண்ணும் கையில் இருக்கிறது என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது. அட்டை காலாவதியாகும் நாளில் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை. உங்கள் கிளை கட்டாயப் பட்டியலில் இருக்கிறதா, முடிந்த அளவுப் பட்டியலில் இருக்கிறதா, கட்டணம் எவ்வளவு என்பதைத் தமிழில் ஒரு பலகையில் எழுதி வாசலில் வையுங்கள். இணையதளத்தில் இருப்பது கோனாபட்டில் கட்டிலில் இருப்பவருக்கு எட்டாது. மாதத்தில் ஒரு பிற்பகலை ரேகை வருகைக்கென்று ஒதுக்குங்கள். ஓர் ஊரில் இரண்டு மூன்று வீடு சேர்ந்தால் ஒரே பயணத்தில் முடியும். ஆள் இல்லாத சிறு கிளைகளுக்குப் பக்கத்துப் பெரிய கிளையிலிருந்து அதிகாரியை அனுப்ப வட்டார அலுவலகம் எழுத்தில் அனுமதி தரட்டும். ஒரே வருகையில் எத்தனை தாள் வாங்கினாலும் ஒரே கட்டணம் என்று வைக்க முடியுமா என்பதை உங்கள் தலைமையிடம் கேட்டுச் சொல்லுங்கள். கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

மறுப்பையோ மௌனத்தையோ சந்திக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. முத்திரை வாங்கிய தேதியிலிருந்து 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நிறைவில்லை என்றாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in என்ற தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். அதில் உங்கள் கடிதத்தின் நகலை இணைத்து, "முதியோர், நோயாளிகள், இயலாதோர் கணக்குகளை இயக்கும் விதிப்படி அதிகாரி வருகை கோரினோம், மறுக்கப்பட்டது" என்று எழுதுங்கள். வீட்டுச்சேவை தரவில்லை என்று பொதுவாக எழுதினால் முகவர் சேவை இருக்கிறதே என்று பதில் வந்து முறையீடு முடிந்துவிடும்.

முன்னோடி வங்கி மேலாளர்களே, மாவட்ட ஆலோசனைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். ஒவ்வொரு கிளையும் கடந்த ஓராண்டில் எத்தனை ரேகை வருகை செய்தது என்ற எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். முகவர் சேவைப் பதிவுகளை அதோடு கலக்காமல் தனியாகக் கேளுங்கள்.

இப்படிக்கு,
செட்டிநாட்டு ஊர்களில் வசிக்கும் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்கள் சிலர்